சம்பள நாளில் ஒரு சின்னப் பேச்சு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் பிரிவு அண்ணன் எழுந்து சேமிப்புக் குழுவைத் தொடங்கிவைத்தார்.

“தீபாவளிச் சீட்டு கட்டி ஏமாந்தவங்க இங்கேயே இருக்கீங்க. அதனால நம்ம குழுவுல பொதுப் பெட்டி கிடையாது. அவங்கவங்க பேர்ல தபால் ஆபீஸ் ஆர்.டி., பாஸ்புக் அவங்கவங்க கையில. மாசம் 100 ரூபாய்ல இருந்து போடலாம். 500 போட்டா, 5 வருஷத்துல கட்டுறது 30,000. இப்ப இருக்கிற 6.7 சதவீத வட்டியில திரும்பி வர்றது சுமார் 35,680.”

“அப்ப குழு எதுக்குண்ணே?” என்றார் தையல் பிரிவு அக்கா ஒருவர்.

“தவணை தவறாம இருக்கத்தான்க்கா. சம்பளம் 7ஆம் தேதி. மாசத்துல முதல் 15 நாளுக்குள்ள கணக்கு தொடங்கினா, மாசாமாசம் 15க்குள்ள கட்டணும். தவறினா 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். தொடர்ந்து 4 மாசம் விட்டா கணக்கு முடங்கிடும். 8ஆம் தேதி ஒருத்தர் எல்லாருக்கும் ஞாபகப்படுத்துவார், அவ்வளவுதான்.”

வட்டி 5,680 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். எனக்கு முக்கியமாகப் பட்டது கடன் வசதி. 12 தவணை ஒழுங்காகக் கட்டியபின், இருப்பில் பாதிவரை கடன் வாங்கலாம்; வட்டி, ஆர்.டி. விகிதத்தைவிட 2 சதவீதம் கூடுதல். அதாவது 500 ரூபாய்க் கணக்கில் ஓராண்டு முடிவில் சுமார் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 8.7 சதவீதத்தில். வெளியே மூன்று வட்டிக்கு வாங்கினால் அது ஆண்டுக்கு 36 சதவீதம். ஆனால் பாதியில் முடிப்பதற்கு 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். அப்போதும் சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டிதான்.