சிபியூ வயரா, கார்டு வயரா?

கம்ப்யூட்டரைத் தானே கோத்துப் பார்க்க உட்காருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஸ்க்ரூவிலோ ராமிலோ அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் இரண்டு கறுப்பு வயர்களில்தான். இரண்டின் முனையிலும் எட்டு ஓட்டை கொண்ட பிளக். ஓட்டைகளின் அளவும் இடைவெளியும் ஒன்றே. பக்கவாட்டில் லாக்கும் உண்டு. ஒன்று ப்ராசஸருக்கு, மற்றது கிராஃபிக்ஸ் கார்டுக்கு. எது எதற்கு?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ப்ராசஸருக்கான எட்டு பின் பிளக் சர்வர்களிலிருந்து வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பென்டியம் 4 காலத்தில் நான்கு பின்னே போதுமானதாக இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு முதலில் ஆறு பின். பிறகு 2007-ல் வந்த ரேடியான் ஹெச்டி 2900 எக்ஸ்டி கார்டில் எட்டு பின் சாக்கெட்டும் சேர்ந்தது. இரண்டும் வேறு வேறு ஆட்கள் வகுத்த தரங்கள். ஆனால் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்த ஒரே பிளக் குடும்பத்தையே இரு தரப்பும் எடுத்துக்கொண்டன. உருவம் ஒன்றாகிவிட்டது, உள்ளே கரன்ட் வரும் இடம் மட்டும் நேர்மாறாக அமைந்துவிட்டது.

அந்த நேர்மாறைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். எட்டு ஓட்டைகளும் நான்கு நான்காக இரண்டு வரிசை. ஒரு வரிசையின் பக்கம் லாக் இருக்கிறது. ப்ராசஸர் பிளக்கில் லாக் பக்கத்து நான்கிலும் 12 வோல்ட் வரும். எதிர் வரிசை நான்கும் கிரவுண்டு. கிராஃபிக்ஸ் பிளக்கில் லாக் பக்கத்து நான்கும் கிரவுண்டு. எதிர் வரிசையில் மூன்றில் 12 வோல்ட், ஒன்று மறுபடியும் கிரவுண்டு. ஆக முதலாவதில் நாலுக்கு நாலு, இரண்டாவதில் மூன்றுக்கு ஐந்து.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் இதைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம். மஞ்சள் வயர் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்டு. நான்கு மஞ்சள் இருந்தால் ப்ராசஸருக்கு, மூன்று இருந்தால் கார்டுக்கு. இப்போது அழகு கருதி எல்லா வயரையும் கறுப்பாக்கிவிட்டார்கள். பட்டையாக ஒட்டிய கறுப்பு வயரில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

அப்போது உதவுவது பிளக் பிரியும் விதம். ப்ராசஸர் பிளக் பெரும்பாலும் நடுவில் இரண்டாகப் பிரியும்: நான்கும் நான்கும். கார்டு பிளக் ஓரத்தில் பிரியும்: ஆறும் இரண்டும். சேர்த்து வைத்திருக்கும்போது இடைக்கோடு கண்ணில் படாது. விரலால் மெல்ல அசைத்தால் எங்கே ஆடுகிறது என்று தெரிந்துவிடும். பிளக்கிலேயே ‘சிபியூ’ என்றோ ‘பிசிஐ-இ’ என்றோ சின்னதாகப் பொறித்திருப்பார்கள். சில எஸ்எம்பிஎஸ்களில் ‘விஜிஏ’ என்று இருக்கும், அதுவும் கார்டுக்கானதே. கறுப்பு மேல் கறுப்பு எழுத்து என்பதால் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பிரியாத முழு எட்டாக வரும் ப்ராசஸர் பிளக்கும் உண்டு. அங்கே எழுத்தும் இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டியதுதான்.

அந்தச் சோதனை எளிது. எஸ்எம்பிஎஸ்ஸின் பவர் கார்டைச் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும். வயரின் அந்தப் பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில் செருகியபடி இருக்கட்டும். இந்தப் பக்கம் எதிலும் செருகக் கூடாது. மீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, ஒரு முனையை எஸ்எம்பிஎஸ் உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவில் தொட வேண்டும். வழக்கமான எஸ்எம்பிஎஸ்களில் கிரவுண்டு வயர்களும் இந்த இரும்பு உடம்பும் ஒன்றோடொன்று இணைந்தவை. மறு முனையை பிளக்கின் ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்துப் பாருங்கள். நான்கு ஓட்டைகளில் பீப் வந்து, அவை லாக்குக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் ப்ராசஸர் வயர். ஐந்தில் வந்து, லாக் பக்கத்து நான்குமே சத்தம் போட்டால் கார்டு வயர். 12 வோல்ட் ஓட்டையில் வைத்தவுடன் கண நேரம் கீச்சென்று வந்து நின்றுவிடலாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவதால் வருவது அது. நிற்காமல் வருவதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாற்றிச் செருக முடியுமா என்றால், முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள். பிளக்கின் கால்களை உற்றுப் பார்த்தால் சில முழுச் சதுரமாகவும் சில மூலை செதுக்கியும் இருக்கும். செதுக்கிய கால் சதுரக் குழியில் நுழையும். சதுரக் கால் செதுக்கிய குழியில் நுழையாது. இரண்டு பிளக்கிலும் இந்தச் செதுக்கல் வெவ்வேறு வரிசை. ஆனால் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான். புது மதர்போர்டில் சரியான பிளக்கே கொஞ்சம் இறுக்கமாகத்தான் போகும் என்பதால், தவறான பிளக்கின் எதிர்ப்பையும் அதே இறுக்கம் என்று எண்ணி அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, ப்ராசஸர் சாக்கெட் கேபினெட்டின் மேல் மூலையில், கை நுழையாத சந்தில் இருக்கிறது. கண்ணால் பார்க்காமல் கட்டைவிரலால் தள்ளும் இடம் அது.

அப்படிக் கார்டு வயர் ப்ராசஸர் சாக்கெட்டில் ஏறிவிட்டால் என்ன ஆகும்? வயரின் மூன்று 12 வோல்ட் கால்கள் மதர்போர்டின் கிரவுண்டில் போய் உட்காருகின்றன. அந்த கிரவுண்டு ஏற்கெனவே பெரிய 24 பின் வயர் வழியாக எஸ்எம்பிஎஸ்ஸோடு இணைந்திருப்பது. எனவே நேரடி ஷார்ட். பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு துடி துடித்து நின்றுவிடும், அல்லது அதுவும் இல்லாமல் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் ஷார்ட்டைக் கண்டதும் தன்னை அணைத்துக்கொண்டதன் அறிகுறி இது. உடனே பவர் கார்டை உருவி, சில நிமிடம் விட்டு, சரியான வயரை மாட்டினால் பெரும்பாலும் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். ‘ஆன் ஆகலியே’ என்று பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவதுதான் ஆபத்து. மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தப் பாதுகாப்பு பெயருக்குத்தான் இருக்கும். அங்கே வயர் உருகும், பிளக் கருகும்.

இத்தனைக்கும் பிறகு, ‘கார்டு என்றால் கார்டு வயர்’ என்ற பாடமே பொய்க்கும் ஓர் இடம் உண்டு. என்விடியாவின் டெஸ்லா பி40 சர்வர் கார்டு, 24 ஜிபி மெமரி உள்ளது, பழைய சாமான் சந்தையில் கிடைக்கிறது. அதன் பின்பக்கம் இருக்கும் எட்டு பின் சாக்கெட் ப்ராசஸர் வகையைச் சேர்ந்தது. கே80, பி100 போன்றவையும் இப்படியே. கார்டாயிற்றே என்று கார்டு வயரை அழுத்தினால் மேலே சொன்ன அதே ஷார்ட்தான். இதற்கென்று அடாப்டர் விற்கிறார்கள்: இரண்டு கார்டு வயர்களை வாங்கிக்கொண்டு ஒரு ப்ராசஸர் பிளக்காகத் தரும். ஒரு கார்டு வயருக்குத் தரப்படி 150 வாட் என்பதால் 250 வாட் கேட்கும் பி40-க்கு இரண்டு தேவை. பெயரில்லாத அடாப்டர் என்றால் கார்டில் மாட்டுவதற்கு முன், எஸ்எம்பிஎஸ் வயர்களோடு அதைச் சேர்த்து அதே பீப் சோதனையைச் செய்து பாருங்கள். அடாப்டரின் கடைசி பிளக்கில் லாக் பக்கத்து நான்கு ஓட்டைகளும் அமைதியாகவும், எதிர்ப்பக்கத்து நான்கும் சத்தத்தோடும் இருக்க வேண்டும். லாக் பக்கத்தில் ஒன்று சத்தம் போட்டாலும் அதை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.