இருபது இலட்சம் பவுண்ஸ் மண்டபமும் ஐந்துக்கு ஐந்து அட்டவணையும்

வாடகை மண்டபங்களில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை நடத்திய எங்கள் சங்கங்கள் பல, இப்போது சொந்தக் கட்டடம் கட்டத் தொடங்கியுள்ளன. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் கட்டட நிதிக்கு மாதாமாதம் ஒரு தொகை கட்டிக்கொண்டிருக்கலாம். சிலர் வட்டியில்லாக் கடனாகப் பெரிய தொகை கொடுத்திருப்பார்கள். நிர்வாக சபையில் இருப்பவர்கள் வங்கிக் கடனுக்குத் தங்கள் பெயரிலேயே பிணை நின்றும் இருப்பார்கள்.

இப்படியான வேலை தொடங்கும்போது கட்டட ஆலோசகர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் 25 கட்டங்கள். இங்கே அதை ‘றிஸ்க் மற்றிக்ஸ்’ என்பார்கள். ஊரில் கணித நூல்களில் மற்றிக்ஸ் என்பதற்குத் ‘தாயம்’ என்ற சொல் இருந்தது. நாங்கள் சோகி உருட்டி விளையாடியதற்கும் அதே பெயர்தான். இந்தக் கட்டுரையில் இடர் அட்டவணை என்றே எழுதுகிறேன். ஒரு கட்டட நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்வதால் இந்தத் தாள்கள் என் கையால் நிறையப் போயிருக்கின்றன. அது எப்படித் தயாராகிறது, எந்த இடத்தில் கண்ணைக் கட்டிவிடுகிறது என்பதைச் சொல்கிறேன்.

முறை எளிமையானது. கட்டட வேலையில் பிழைக்கக்கூடிய ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதுவார்கள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு எண்கள். முதலாவது, அது நடப்பதற்கான சாத்தியம். 1 முதல் 5 வரை. நடப்பதற்கு நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கும் குறைவான வாய்ப்பு என்றால் 1, 5 முதல் 20 வீதம் என்றால் 2, இப்படியே போய் 80 வீதத்துக்கு மேல் என்றால் 5. இரண்டாவது, நடந்தால் வரும் பாதிப்பு. அதற்கும் 1 முதல் 5 வரை. இரண்டையும் பெருக்கினால் புள்ளி வரும். 5 வரை பச்சை, 10 வரை மஞ்சள், 12உம் அதற்கு மேலும் சிவப்பு. சிவப்பானவை மட்டும் நிர்வாக சபைக்கு வரும். எல்லைகள் இடத்துக்கிடம் மாறும், அமைப்பு இதுதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த இரண்டு மூன்று வேலைகளைக் கலந்து, எண்களை முழுமையாக்கித் தருகிறேன். லண்டனின் புறநகரில் ஒரு பழைய களஞ்சியத்தை இடித்துவிட்டு இரண்டு மாடி மண்டபம் கட்டுகிறார்கள். ஒப்பந்தத் தொகை 20 இலட்சம் பவுண்ஸ். எதிர்பாராத செலவுக்கு 5 வீதம், அதாவது ஒரு இலட்சம், ஒதுக்கியிருக்கிறார்கள். பாதிப்பு அளவுகோலில் 5,000 முதல் 20,000 பவுண்ஸ் வரையான இழப்பு 2, 75,000 முதல் 2 இலட்சம் வரை 4, இரண்டு இலட்சத்துக்கு மேல் எதுவானாலும் 5.

நான்கு வரிகளை மட்டும் பார்ப்போம். மழையால் வேலை தாமதமாவது: லண்டனில் அதற்கு 90 வீத வாய்ப்பு, இழப்பு 8,000 பவுண்ஸ் அளவில். ஐந்தை இரண்டால் பெருக்கப் புள்ளி 10. தரை ஓடுகளும் கதவுகளும் பிந்தி வருவது: 60 வீத வாய்ப்பு, இழப்பு 10,000. நான்கு தரம் இரண்டு, புள்ளி 8. பழைய களஞ்சியத்தின் மண்ணில் எண்ணெயோ அஸ்பெஸ்ரஸோ கலந்திருப்பது: 15 வீத வாய்ப்பு, தோண்டி அப்புறப்படுத்த 150,000. இரண்டு தரம் நான்கு, இதற்கும் புள்ளி 8. கடைசியாக, ஒப்பந்தகாரர் பாதி வேலையில் வங்குரோத்தாவது: 4 வீத வாய்ப்பு, இழப்பு 6 இலட்சம். ஒன்று தரம் ஐந்து, புள்ளி 5. பச்சை.

ஆக, சிவப்பு ஒன்றுமில்லை. அட்டவணைப்படி முதல் கவலை மழை. கடைசிக் கவலை ஒப்பந்தகாரர்.

இப்போது கணக்குப் பிள்ளையின் வழியில் பார்ப்போம். வாய்ப்பு வீதத்தை இழப்புத் தொகையால் பெருக்கினால் மழைக்கு 7,200 பவுண்ஸ், ஓடுகளுக்கு 6,000, மண்ணுக்கு 22,500, வங்குரோத்துக்கு 24,000 வரும். கடைசியில் நின்றது முதலாவதாகிவிட்டது. ஒரே புள்ளி எடுத்த ஓடும் மண்ணும் ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசத்தில் நிற்கின்றன.

ஏன் இப்படி? அட்டவணையில் உள்ள 1, 2, 3 என்பவை அளவுகள் அல்ல. வகுப்பில் பிள்ளை எத்தனையாம் இடம் என்பது போன்ற வரிசை எண்கள். முதலாம் பிள்ளைக்கும் இரண்டாம் பிள்ளைக்கும் இடையில் அரைப் புள்ளியும் இருக்கலாம், முப்பது புள்ளியும் இருக்கலாம். வரிசை எண்களைப் பெருக்கி வரும் விடைக்குப் பொருள் இல்லை. பாதிப்பில் 4 என்பது 2இன் இருமடங்கு என்று பெருக்கல் நினைக்கிறது. எங்கள் உதாரணத்தில் அது பதினைந்து மடங்கு. அதைவிட மோசமானது மேல் எல்லை. இரண்டு இலட்சத்துக்கு மேல் எதுவானாலும் 5தான். இழப்பு ஆறு இலட்சமோ முழுக் கட்டடமுமோ, அதே 5தான். சாத்தியம் 1 என்று எழுதிவிட்டால் அந்த வரி எடுக்கக்கூடிய உச்சப் புள்ளியும் 5தான். அதாவது அரிதாக நடக்கும் எதுவும், எவ்வளவு பெரிய அழிவானாலும், பச்சையை விட்டு வெளியே வரவே முடியாது.

அமெரிக்க ஆய்வாளர் ரொனி கொக்ஸ் 2008இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கணித ரீதியாகக் காட்டினார். சிறிய இழப்புகள் அடிக்கடியும் பெரிய இழப்புகள் அரிதாகவும் வரும் இடங்களில், இந்த அட்டவணை தரும் வரிசை நாணயத்தைச் சுண்டி முடிவெடுப்பதைவிட மோசமாகவும் இருக்கலாம் என்பது அவர் முடிவு. கட்டட வேலை அப்படியான இடம்தான்.

அப்படியானால் புள்ளியை விட்டுவிட்டு, பவுண்ஸ் கணக்கை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. மேலே உள்ள நான்கு தொகைகளையும் கூட்டிப் பாருங்கள்: 59,700. ஒதுக்கி வைத்ததோ ஒரு இலட்சம். தாராளமாகப் போதும் போலத் தெரிகிறது. ஆனால் மண் பழுதாக இருந்தால் வரும் பற்றுச்சீட்டு 22,500 அல்ல, 150,000. ஒதுக்கீடு அந்த ஒன்றுக்கே காணாது. நூறு கட்டடங்களுக்குக் காப்புறுதி செய்யும் நிறுவனத்துக்குச் சராசரி சரிவரும். எங்கள் சங்கம் வாழ்நாளில் ஒரு கட்டடம்தான் கட்டப்போகிறது.

வங்குரோத்தின் இழப்பு ஏன் இவ்வளவு பெரிது என்று பலர் கேட்பதுண்டு. மிச்ச வேலைக்கு மிச்சக் காசுதானே என்பார்கள். நடப்பது வேறு. கணக்குத் தீர்க்கப்படாத துணை ஒப்பந்தகாரர்கள் வேலையை நிறுத்துவார்கள், தங்கள் பொருட்களைத் திருப்பி எடுக்கப் பார்ப்பார்கள். வளவுக்குக் காவல் போட வேண்டும், வாடகைக்கு எடுத்த சாரத்துக்குப் பணம் ஓடும், வங்கிக் கடனுக்கு வட்டி ஓடும். புதிதாக வருபவர் முன்னவர் செய்த வேலைக்கு உத்தரவாதம் தரமாட்டார். திறந்து பார்த்துத்தான் விலை சொல்வார். பாதிக் கட்டடத்தை முடிப்பதற்கான விலை எப்போதும் கூட. பிரித்தானியாவின் கரில்லியன் நிறுவனம் 2018 ஜனவரியில் விழுந்தபோது கட்டிக்கொண்டிருந்த லிவர்பூல் றோயல் மருத்துவமனை, 2017இல் திறந்திருக்க வேண்டியது, 2022 ஒக்ரோபரில்தான் திறந்தது. பிறகு வந்தவர்கள் கட்டமைப்பிலேயே குறைகளைக் கண்டு பலப்படுத்த வேண்டியிருந்தது.

இன்னொன்று, அட்டவணையின் வரிகள் தனித்தனியாக நிற்கின்றன. நிலத்தில் அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். மண் பழுது என்றால் அத்திவாரம் இரண்டு மாதம் பிந்தும். பிந்தினால் கூரை போடும் வேலை மாரிக்குள் போகும். நிலையான விலைக்கு ஒப்புக்கொண்ட ஒப்பந்தகாரர் அந்த மாதங்களில் வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார், எங்களிடமிருந்து கொடுப்பனவு வருவதில்லை. ஏற்கெனவே இறுகியிருந்தவர் விழுவது அப்போதுதான். 4 வீதம் என்று எழுதியது மண் நன்றாக இருந்தால்தான் பொருந்தும்.

கூட்டத்தில் அந்தத் தாள் கையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது புள்ளிகள் எங்கே குவிந்திருக்கின்றன என்பதை. 12 என்றால் சபைக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கும் இடத்தில் ஒன்பதுகளும் பத்துகளும் கும்பலாக நின்றால், யாரோ ஒருவர் புள்ளியை முதலில் முடிவு செய்துவிட்டு எண்களைப் பிறகு நிரப்பியிருக்கிறார். அடுத்தது ‘நடவடிக்கைக்குப் பின் புள்ளி’ என்ற கடைசி நிரல். அங்கே 15 ஆக இருந்தது 6 ஆகக் குறைந்திருக்கும். பக்கத்தில் என்ன நடவடிக்கை என்று பார்த்தால் ‘தொடர்ந்து கவனிக்கப்படும்’ என்று இருக்கும். கவனிப்பதால் மண் சுத்தமாகாது. அந்த நடவடிக்கைக்கு ஒரு தொகை, ஒரு திகதி, ஓர் ஆளின் பெயர் எழுதப்படவில்லை என்றால் பழைய 15ஐயே வைத்துப் பாருங்கள்.

அட்டவணையை எறியச் சொல்லவில்லை. எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று பதினைந்து பேரை ஒரே மேசையில் பேசவைக்க அது உதவும். சாத்தியத்தையும் பாதிப்பையும் பெருக்காமல் தனித்தனி நிரலாக விட்டு, பாதிப்பு நிரலின்படி மட்டும் ஒருமுறை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். மேலே வரும் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது, அநேகமாக, கூடியது என்று மூன்று தொகைகளைப் பவுண்ஸில் கேளுங்கள். கூடிய தொகை எங்கள் ஒதுக்கீட்டைத் தாண்டினால் அதற்குப் புள்ளி எதுவானாலும் தனியாக ஒரு முடிவு வேண்டும்.

எங்கள் உதாரணத்தில் அப்படி இரண்டு வரும். மண்ணுக்கு, காணி வாங்குவதற்கு முன்பே துளையிட்டுப் பரிசோதிக்கலாம். சில ஆயிரம் பவுண்ஸ் போகும், 15 வீதம் என்ற ஊகம் ஆம் அல்லது இல்லை என்ற பதிலாக மாறும். கூடவே ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில், மண்ணில் எதிர்பாராதது வந்தால் செலவு யாருடையது என்று பார்க்க வேண்டும்.

வங்குரோத்துக்கு, ஒப்பந்தகாரரின் கணக்குகளைக் கொம்பனீஸ் ஹவுஸ் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிந்திச் சமர்ப்பித்த கணக்கு, திடீரென மாறிய கணக்காய்வாளர், புதிதாகச் சொத்துகள்மேல் எழுதப்பட்ட அடமானம் ஆகியவை அங்கே தெரியும். முடித்த வேலைக்கு மேல் முற்பணம் கொடுக்காதிருப்பதும், நிறைவேற்றுப் பிணை முறி கேட்பதும் மற்ற இரண்டு வழிகள். பிணை முறி பெரும்பாலும் ஒப்பந்தத் தொகையின் பத்து வீதம் வரைதான் தரும். இங்கே இரண்டு இலட்சம். அதன் கட்டணத்தை ஒப்பந்தகாரர் எங்கள் தலையில்தான் கட்டுவார். மீதி நான்கு இலட்சம் யாருடைய பிணையில் நிற்கிறது என்பதை, கையெழுத்து வைக்கும் குடும்பங்கள் கையெழுத்துக்கு முன்னர் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லலாம்.