நாலு விடையும் ஒத்துவராத கணக்கு

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கிளை நூலகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எனக்குக் கொஞ்சம் கணக்கு வரும் என்பதால் நானும் போய் உட்காருவேன். மற்ற நாட்களில் செல்போனுக்குப் படம் வரும். பயிற்சிப் புத்தகத்தின் பக்கம், பாதி நிழல், ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல். கீழே ஒரு வரி: "அண்ணா, இது எப்படி?"

போன மாதம் ஒரு தங்கை அனுப்பிய படத்தில் இருந்த கணக்கு இது. ஒரு பொருளின் விலை 12% உயர்ந்து 90 ரூபாய் ஆனது. பழைய விலை என்ன? விடைகள்: 72, 75, 80, 84. "நீங்க சொன்ன மாதிரி நாலு ஆப்ஷனையும் வச்சுப் பாத்துட்டேன் அண்ணா. ஒண்ணும் வரல. புக்கு தப்பா?" என்று கேட்டிருந்தாள். அவள் எதைச் செய்து பார்த்தாள் என்பதைச் சொல்லிவிட்டு இந்தக் கணக்குக்குத் திரும்புகிறேன்.

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 3 மணி நேரம். கணக்கிட்டால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. இதில் 25 கேள்விகள் கணக்கும் நுண்ணறிவும். எக்ஸ் என்று வைத்துக்கொண்டு சமன்பாடு எழுதித் தீர்க்கப் பல பிள்ளைகளுக்கு நேரம் போதாது. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்களுக்குக் கையும் ஓடாது. ஆனால் கேள்வித்தாளிலேயே விடை இருக்கிறது, மூன்று தப்பான விடைகளுக்கு நடுவில். ஒன்றை எடுத்து, அதுதான் விடை என்று வைத்துக்கொண்டு, கதையை முதலிலிருந்து நடத்திப் பார்க்கலாம். கடைசியில் கேள்வி சொல்கிற எண் வந்தால் அதுதான் விடை.

இதைக் குறுக்குவழி, ஏமாற்று வேலை என்று முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ரிண்ட் பாப்பிரஸ் சுவடியில் இதே வேலை நடக்கிறது. ஓர் எண்ணோடு அதன் ஏழில் ஒரு பங்கைக் கூட்டினால் 19; எண் எது? ஆமெஸ் முதலில் 7 என்று ஊகிக்கிறார். 7-ம் 1-ம் சேர்ந்து 8. வேண்டியது 19. அப்படியானால் 8-ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, 7-ஐயும் அத்தனை மடங்காக்கு என்கிறார். நம் பக்கத்தில் பாஸ்கரர் 1150-ல் எழுதிய லீலாவதியில் இதற்குப் பெயரே இருக்கிறது: இஷ்ட கர்மம். இஷ்டப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு தொடங்கு, பிறகு சரிசெய்துகொள்.

அந்த 'சரிசெய்துகொள்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாலு விடையையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது பாதி வித்தைதான். தேர்தல் கணக்கு ஒன்றைப் பார்ப்போம், சதவீதப் பாடத்தில் இது இல்லாத புத்தகமே கிடையாது. ஓர் ஊரில் 10% பேர் வாக்களிக்கவில்லை. பதிவான வாக்குகளில் 10% செல்லாதவை. செல்லும் வாக்குகளில் 60% பெற்றவர், எதிரே நின்ற ஒரே வேட்பாளரை 324 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். மொத்த வாக்காளர்கள் எத்தனை பேர்? விடைகள் 1800, 2000, 2400, 3000.

கண்ணுக்குச் சுலபமான 3000-ஐ எடுப்போம். 10% வரவில்லை, ஆக 2700. அதில் 10% செல்லாதது 270 போக 2430. ஜெயித்தவருக்கு 60%, தோற்றவருக்கு 40%, வித்தியாசம் 20%. 2430-ல் 20% என்றால் 486. நமக்கு வேண்டியது 324. இங்கே பெரும்பாலோர் 3000-ஐ அடித்துவிட்டு 2400-க்குப் போகிறார்கள். போகவே வேண்டாம். 486-க்கு 324 என்பது மூன்றில் இரண்டு பங்கு. 3000-ல் மூன்றில் இரண்டு பங்கு 2000. முடிந்தது. முதல் ஊகம் தப்பிப் போனாலும், எவ்வளவு தப்பியது என்பதே விடையைக் காட்டிவிட்டது. கதையில் வருவது முழுக்கச் சதவீதமாக மட்டும் இருந்தால், வாக்காளர் இரட்டித்தால் வித்தியாசமும் இரட்டிக்கும். அதனால் எத்தனை விடை கொடுத்திருந்தாலும் ஒரே ஒரு சோதனை போதும்.

இன்னொரு சங்கதி. 1800-ஐ வைத்து ஓட்டிப் பாருங்கள்: 1620, பிறகு 1458, அதில் 60% என்றால் 874.8 வாக்கு. முக்கால் ஆளுக்கு மேல் ஒருவர் வந்து ஓட்டுப் போட்டிருக்க வேண்டும்! 2400-க்கும் இதே கதி, 1166.4. ஆள், வாக்கு, நாணயம் என்று எண்ணும் பொருளாக இருந்தால், பின்னம் வந்த இடத்திலேயே அந்த விடையைத் தள்ளிவிடலாம். பணமோ எடையோ என்றால் இந்த வாதம் செல்லாது.

விகிதக் கணக்கில் இந்த ஒரு சோதனை வித்தை சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தந்தை, மகன் வயது விகிதம் 7:2. பத்து ஆண்டு கழித்து 9:4. தந்தையின் இப்போதைய வயது என்ன? விடைகள் 28, 35, 40, 42. முதலில் 40-ஐத் தள்ளுங்கள். 7 பங்காகப் பிரிய வேண்டிய வயது அது, பிரியாது. 42 என்றால் ஒரு பங்கு 6, மகனுக்கு 12. பத்து ஆண்டு கழித்து 52, 22. மகனின் 22 நான்கு பங்கு என்றால் ஒரு பங்கு 5.5, தந்தைக்கு ஒன்பது பங்கு 49.5 வர வேண்டும். 52 இருக்கிறது, அதிகம். இங்கே மடங்கு போட்டுச் சரிசெய்ய முடியாது. ஏனென்றால் இருவருக்கும் ஒரே 10-ஐக் கூட்டுகிறோம். வயது இரட்டித்தாலும் அந்த 10 இரட்டிக்காது. ஆனால் திசை தெரிந்துவிட்டது. 28-ஐ வைத்தால் மகனுக்கு 8. பிறகு 38, 18. ஒரு பங்கு 4.5, தந்தைக்கு 40.5 வேண்டும், இருப்பதோ 38. இப்போது குறைகிறது. 42-ல் கூடுகிறது, 28-ல் குறைகிறது. நடுவில் மிச்சமிருப்பது 35 மட்டும். சரிபார்த்தால் 45, 20, ஒன்பதுக்கு நாலு.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் கணக்கை நேர்வழியிலேயே இதைவிடச் சீக்கிரம் போடலாம். 7-க்கும் 2-க்கும் வித்தியாசம் 5 பங்கு. 9-க்கும் 4-க்கும் அதே 5 பங்கு. இருவருக்கும் இடையிலான வயது வித்தியாசம் மாறாது என்பதால் பங்கின் அளவும் மாறவில்லை. 7 பங்கு 9 பங்காக ஏறியது பத்து ஆண்டில், ஆக ஒரு பங்கு 5. தந்தைக்கு 35. இது கண்ணில் பட்டால் விடைகளைத் தொடவே வேண்டாம். படாவிட்டால் பின்னாலிருந்து வாருங்கள். அ:ஆ 2:3, ஆ:இ 4:5, அ:இ என்ன என்பது போன்ற கேள்விக்குப் பின்னாலிருந்து வருவது வீண் வேலை. நேரே பெருக்கினால் 8:15.

பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் இல்லை. கேட்டது ஒன்று, குறித்தது ஒன்று. மேலே சொன்ன வயதுக் கணக்கில், பத்து ஆண்டு கழித்து மகனின் வயது கேட்டிருந்தால் விடை 20. கேள்வி தயாரிப்பவருக்கு இது தெரியும். அவர் 10, 20, 35, 45 என்று நாலையும் வரிசையாக வைத்துவிடுவார். நாலும் அந்தக் கதைக்குள் நிஜமாகவே வரும் எண்கள்தான், அதனால் எதைப் பார்த்தாலும் 'நமக்கு வந்த எண்' போலத் தெரியும். விடையைக் குறிக்கும் முன் கேள்வியின் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொல்வது இதற்காகத்தான். போட்டோவில் அந்தக் கடைசி வரிதான் அடிக்கடி வெட்டுப்பட்டு வருகிறது. '20% குறைந்தது' என்பதும் '20% ஆகக் குறைந்தது' என்பதும் வேறு வேறு. 500 ரூபாய் முன்னதில் 400 ஆகும், பின்னதில் 100 ஆகும். நடுவில் வரும் 'ஆக' நிழலில் மறைந்தால் கணக்கே மாறிவிடும்.

தங்கை அனுப்பிய கணக்குக்கு வருகிறேன். 80-ஐ வைத்துப் பார்த்தேன். 12% என்றால் 9 ரூபாய் 60 காசு; சேர்த்து 89 ரூபாய் 60 காசு. 40 காசு குறைகிறது. 72, 75 வைத்தால் 90-க்குக் கிட்டவே வரவில்லை. 84 நாலு ரூபாய்க்கு மேல் தாண்டிப்போகிறது. நாலும் எங்கேயோ போயிருந்தால் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று சந்தேகப்பட்டிருப்பேன். ஒன்று மட்டும் மயிரிழையில் தப்புகிறது என்றால் சந்தேகம் எழுத்தின் மேல். அந்த 40 காசு 80-ல் எத்தனை சதவீதம் என்று பார்த்தேன். சரியாக அரை.

"12-க்குப் பக்கத்துல ஏதாவது சின்னதா இருக்கா பாரும்மா" என்று போனில் கேட்டேன். புத்தகத்தை நன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, "அய்யோ, மடிப்புக்குள்ள ஒரு அரை இருக்குண்ணா" என்றாள். பன்னிரண்டரை சதவீதம், அதாவது எட்டில் ஒரு பங்கு. 80-ல் எட்டில் ஒன்று 10, சேர்த்து 90. தைத்த இடத்தின் வளைவில் அந்தக் குட்டிப் பின்னம் ஒளிந்திருந்தது. போட்டோவில் அது வெறும் நிழல்.

அது நூலகப் புத்தகம். அதில் எழுதக்கூடாதுதான். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கத்தை எடுத்து, 12-க்குப் பக்கத்தில் பென்சிலால் ½ என்று கொஞ்சம் அழுத்தியே எழுதி வைத்தேன்.