‘கிரைண்டர் ரூ.3,799 மட்டுமே!’ டெலிகிராம் டீல்ஸ் சேனலில் வரும் விலை, லிங்க்கைத் தொட்டதும் மாறுவது ஏன்?

“அண்ணா, நீங்க 3,799-னு போட்டிருக்கீங்க. எனக்கு 4,299 காட்டுதுங்க!” கோவை வட்டாரத்தில் டீல்ஸ் சேனல் நடத்தும் எவருக்கும் இப்படியொரு மெசேஜ் வராமல் இருக்காது. இதில் பொய் சொன்னது யார்? பெரும்பாலும் யாரும் இல்லை. ஆனால், நம்பிக்கை போவது சேனல் மீதுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். டேபிள் டாப் வெட் கிரைண்டர் ஒன்றின் விலை அமேசான் பக்கத்தில் ரூ.4,299. அங்கேயே இருக்கும் 200 ரூபாய் கூப்பனை டிக் செய்தால் ரூ.4,099. குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டில் கட்டினால் இன்னும் 300 ரூபாய் குறைந்து ரூ.3,799. மூன்றுமே உண்மையான விலைதான். ஆனால், கடைசி விலை அந்த கார்டு வைத்திருப்பவருக்கு மட்டுமே. அதைத் தலைப்பில் போட்டால் மற்ற எல்லோருக்கும் அது பொய்.

எனவே, எல்லோருக்கும் கிடைக்கும் விலையை முதலில் எழுத வேண்டும்: ‘ரூ.4,099 (கூப்பனை டிக் செய்யவும்). இந்த கார்டு இருந்தால் ரூ.3,799. காலை 10.15 நிலவரம்.’

அந்த நேரக் குறிப்பு ஏன்? லிங்க் எப்போது திறந்தாலும் அன்றைய விலையைக் காட்டும். மெசேஜில் டைப் செய்த எண் மாறாது. ஆஃபர் முடிந்ததும் சேனல் பதிவை எடிட் செய்து ‘முடிந்தது’ என்று போடலாம். ஆனால், அதற்குள் குடும்ப குரூப்புக்கு ஃபார்வர்டு ஆன பிரதி மாறாது. மாலையில் அதைப் பார்ப்பவருக்கு, இது காலை விலை என்று சொல்வது அந்த ஒரு வரிதான்.

தள்ளுபடி நிஜமா என்று பார்க்க, அடித்துக் காட்டப்படும் எம்.ஆர்.பி. உதவாது. கீப்பா போன்ற தளங்களில் பழைய விலை வரைபடம் கிடைக்கும். மூன்று மாதமாக அதே ரூ.4,299-க்கு விற்ற கிரைண்டர் என்றால், அதில் உண்மையான டீல் 200 ரூபாய் கூப்பன் மட்டுமே.

இதில் சேனல்காரருக்கு என்ன லாபம்? லிங்க்கில் இருக்கும் `tag=` என்ற பகுதிதான் வாங்கியவர் எந்த சேனல் வழியாக வந்தார் என்று கடைக்குச் சொல்கிறது. கமிஷன் 4% என்று வைத்துக்கொண்டால், இந்த கிரைண்டருக்கு சுமார் 160 ரூபாய். பொருளைத் திருப்பி அனுப்பினால் அதுவும் போச்சு! ஆசை காட்டி விற்பதில் சேனலுக்கும் நஷ்டம்தான்.

இந்தக் கமிஷனை மறைக்கவும் கூடாது. விளம்பரதாரருடன் பணத் தொடர்பு இருந்தால் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கின்றன, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள். சேனல் அறிமுகத்தில் மட்டும் எழுதினால், ஃபார்வர்டில் வருபவர் அதைப் பார்க்கவே மாட்டார். ‘இந்த லிங்க்கில் வாங்கினால் எங்களுக்கு கமிஷன் கிடைக்கும்’ என்ற வரி ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும்.