ஒரே வேலைக்கு மூன்றும் இருபதும்

பேருந்து டிக்கெட் முன்பதிவுச் செயலி ஒன்றைத் தயாரிக்கும் குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். பயணி டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். இதுதான் அடுத்த வேலை. இது எவ்வளவு பெரியது? ஐந்து பேரும் ஆளுக்கொரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள்: 3, 5, 5, 8, 20.

இந்த முறைக்கு பிளானிங் போக்கர் என்று பெயர். 2002-இல் ஜேம்ஸ் கிரெனிங் இதை எழுதி வைத்தார். மைக் கோன் 2005-இல் வெளியிட்ட புத்தகம் இதைப் பரவலாக்கியது. சீட்டில் இருப்பது நாள் கணக்கோ மணிக் கணக்கோ அல்ல. ஏற்கெனவே முடித்த ஒரு சிறு வேலையை 2 என்று வைத்துக்கொண்டால், அதைப்போல் நான்கு மடங்கு பெரியது 8. அதற்கு மேல் 13, 20, 40, 100 என்று இடைவெளி அகன்றுகொண்டே போகும். பெரிய வேலையை நுணுக்கி அளக்க முடியாது என்பதே காரணம்.

சீட்டை ஏன் கவிழ்த்து வைக்க வேண்டும்? மூத்தவர் முதலில் "அஞ்சு" என்று சொல்லிவிட்டால், மற்றவர்கள் மனக்கணக்கும் ஐந்தைச் சுற்றியே நிற்கும். 20 என்று நினைத்தவர் வாயே திறக்கமாட்டார்.

சரி, இப்போது 3-க்கும் 20-க்கும் என்ன செய்வது? சராசரி எடுத்தால் ஏறக்குறைய 8 வரும். அதை எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டால், யாருக்கு என்ன தெரியும் என்பது புதைந்துபோகும். அதனால் குறைவாகப் போட்டவரும் அதிகமாகப் போட்டவரும் முதலில் பேச வேண்டும்.

"பணத்தைத் திருப்பி அனுப்புற பகுதியைப் போன மாசமே வேற வேலைக்கு எழுதிட்டோம். அதையே கூப்பிட்டுக்கலாம்" என்கிறார் மூன்று போட்டவர். "ஒரே டிக்கெட்டுல நாலு பேர் போறாங்க, ஒருத்தர் மட்டும் ரத்து பண்ணினா? தள்ளுபடிக் கூப்பன் வேற போட்டிருந்தா, அவர் பங்கு எவ்வளவு?" என்று கேட்கிறார் சோதனைப் பொறுப்பாளர். இருபது போட்டவர் அவர்தான்.

இருவர் சொன்னதும் உண்மை. இருவரும் நினைத்துக்கொண்டிருந்த வேலைதான் வேறு. மறுசுற்றில் 8, 8, 13, 13, 13. குழு வேலையை இரண்டாக உடைக்கிறது: முழு டிக்கெட் ரத்துக்கு 5, ஒருவர் மட்டும் ரத்து செய்வதற்கு 8.

இரண்டாம் சுற்றில் எல்லோரும் விளக்கமே இல்லாமல் மூத்தவரின் எண்ணுக்குத் தாவினால், அது இணக்கமல்ல, அயர்ச்சி. நடத்துபவர் அங்கே நிறுத்தி, எண்ணை மாற்றியவரிடம் காரணம் கேட்க வேண்டும். மூன்று சுற்றுக்குப் பிறகும் எண்கள் நெருங்கவில்லை என்றால், குறைவது பேச்சல்ல, தகவல்.

இந்தக் குழுவிலும் கூப்பன் கேள்விக்கு மட்டும் யாரிடமும் விடை இல்லை. அதற்கு எண் போடாமல், வணிகப் பிரிவிடம் விதியைக் கேட்டு வர ஒருவருக்கு ஒரு நாள் ஒதுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள்.