ஊர் மாறும் முன் ஏஜென்சியில் வாங்க வேண்டிய ஒரு காகிதம்

வேலை மாற்றலாகி வேறு ஊருக்குக் கிளம்பும்போது, பாத்திரம் பண்டத்தோடு கேஸ் சிலிண்டரையும் லாரியில் ஏற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்னும் சிலர் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுகிறார்கள். இரண்டுமே பின்னால் அலைச்சலைத்தான் தரும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. கனெக்‌ஷன் எடுத்தபோது நாம் கட்டியது அவற்றின் விலையல்ல, திரும்பக் கிடைக்கும் டெபாசிட். அதனால் ஊர் விட்டு ஊர் போகும்போது சிலிண்டர் பழைய ஏஜென்சிக்குத் திரும்பிவிட வேண்டும். நம்மோடு வர வேண்டியது அதைத் திருப்பிக் கொடுத்ததற்கான காகிதம்தான். டெர்மினேஷன் வவுச்சர் என்று அதற்குப் பெயர். ஏஜென்சிக்காரர்கள் சுருக்கமாக டி.வி. என்பார்கள்.

மதுரையிலிருந்து கோவைக்குக் குடிபோகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2018இல் மனைவி பெயரில் எடுத்த கனெக்‌ஷன், 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு. சிலிண்டருக்கு 1,450 ரூபாய் வீதமும் ரெகுலேட்டருக்கு 150 ரூபாயும் சேர்த்து அன்று 3,050 ரூபாய் டெபாசிட் கட்டியிருக்கிறார்கள். இந்தத் தொகை, கனெக்‌ஷன் தந்தபோது கொடுத்த சப்ஸ்கிரிப்ஷன் வவுச்சரில் இருக்கும். அந்தக் காகிதத்தையும் கேஸ் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, சிலிண்டர்களையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைக்க வேண்டும். வவுச்சர் தொலைந்திருந்தால் அதற்கென்று உறுதிமொழி எழுதித் தரச் சொல்வார்கள். அடுப்பும் ரப்பர் டியூபும் நாம் விலை கொடுத்து வாங்கியவை, அவற்றைக் கொடுக்க வேண்டியதில்லை.

சிலிண்டரில் மீதி கேஸ் இருந்தால் அதற்குப் பணம் கிடைக்காது. எனவே கிளம்பும் தேதி தெரிந்ததுமே புதிய சிலிண்டர் பதிவு செய்வதை நிறுத்திவிடுவது நல்லது.

ஒப்படைத்ததும் 3,050 ரூபாயும் டி.வி.யும் கைக்கு வரும். கவுன்டரை விட்டு நகரும் முன் டி.வி.யை நிதானமாகப் படியுங்கள். பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா, வாடிக்கையாளர் எண் சரியா, இரண்டு சிலிண்டரும் ரெகுலேட்டரும் திரும்பியதாகக் குறித்திருக்கிறதா, முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே சிலிண்டர் என்று தவறாகப் பதிவாகியிருந்தால், அதைத் திருத்த கோவையிலிருந்து மறுபடி மதுரைக்குத்தான் வர வேண்டியிருக்கும். டி.வி. வாங்காமலே கிளம்பியவர்களின் பாடு இன்னும் சிரமம். ஒரு குடும்பத்துக்கு ஒரு கனெக்‌ஷன்தான் என்பது விதி. பழையது உயிரோடு இருக்கும்வரை, ஆதாரை வைத்துச் சரிபார்க்கும்போது புதிய விண்ணப்பம் தட்டுப்பட்டு நின்றுவிடும்.

கோவையில், குடியிருக்கும் பகுதிக்குச் சப்ளை செய்யும், அதே நிறுவனத்தின் ஏஜென்சியைத் தேடிப் போக வேண்டும். டி.வி.யைக் காட்டினால் பழைய கனெக்‌ஷனின் தொடர்ச்சியாகப் புதிய வாடிக்கையாளர் எண் தருவார்கள். ஆனால் டெபாசிட் இன்றைய கணக்குப்படிதான். 2022 ஜூன் முதல் சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250 ரூபாய். இரண்டு சிலிண்டருக்கு மொத்தம் 4,650 ஆகிறது. திரும்பி வந்த 3,050 போக, கையிலிருந்து 1,600 ரூபாய் போட வேண்டும். கேஸ் விலை தனி. கனெக்‌ஷன் பழையதாக இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

வழக்கமாகச் சிக்கல் வருவது முகவரிச் சான்றில்தான். வாடகை ஒப்பந்தம், ஈ.பி. பில், ஆதார், பாஸ்போர்ட் போன்றவற்றை ஏற்பார்கள். ஆனால் நம் கோவைக் குடும்பத்தில் ஒப்பந்தம் கணவர் பெயரில், ஈ.பி. பில் வீட்டுக்காரர் பெயரில், கனெக்‌ஷன் மனைவி பெயரில். ஆதாரிலோ இன்னும் மதுரை முகவரி. மனைவியின் பெயரில் கோவை முகவரி எங்கும் இல்லை. இதற்கு எளிய வழி, ஒப்பந்தம் எழுதும்போதே கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்துவிடுவது. அது முடியாமல் போனால், கணவர் முதலில் தன் ஆதாரில் முகவரியை மாற்றிக்கொண்டு, குடும்பத் தலைவர் என்ற முறையில் ஒப்புதல் தந்தால், மனைவியின் ஆதாரிலும் அதே முகவரியை மாற்றலாம். 2023 முதல் இந்த வசதி இணையத்திலேயே இருக்கிறது.

சான்று தயாராகும்வரை அடுப்பு எரிய வேண்டுமே. அடையாள அட்டையை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் வீட்டு சிலிண்டரைவிட விலை அதிகம், ஆனாலும் இடைக்காலத்துக்கு இது போதும்.

புதிய ஏஜென்சியில் அடுப்பையும் தங்களிடமே வாங்கினால்தான் கனெக்‌ஷன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிக் கட்டாயப்படுத்த விதியில் இடமில்லை. 1800 2333 555 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். வீட்டில் இருக்கும் அடுப்பே போதும்.