நாலாம் நாள் வலி

டான்சில் எடுத்து வீட்டுக்கு வந்த குழந்தை முதல் இரண்டு நாள் ஓரளவு தெம்பாகவே இருக்கும். ஐஸ்கிரீம் சாப்பிடும், கார்ட்டூன் பார்க்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக, "வலி போயிடுச்சு, மருந்தை நிறுத்திடலாம்" என்று முடிவு செய்வார்கள். நாலாம் நாள் விடியற்காலையில் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து அழும். எச்சிலைக்கூட விழுங்காமல் வாயோரம் வழியவிடும். அம்மாவுக்குக் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும்.

காதில் ஒன்றுமில்லை. டான்சில் இருந்த இடத்துக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் தொண்டை வலி காதில் தெரிகிறது. டான்சிலை எடுத்த இடத்தில் பெரும்பாலும் தையல் போடுவதில்லை. இரு பக்கமும் திறந்த புண்ணாக இருக்கும் அந்தக் குழியின் மேல் வெள்ளையாக ஒரு ஏடு படியும். சில நாளில் அந்த ஏடு உரியத் தொடங்கும்போது வலி மறுபடி ஏறும். விழுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புண்ணின் அடியில் உள்ள தசை சுருங்குகிறது. மொத்தத்தில் வலி ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இருக்கும், சில குழந்தைகளுக்கு இரண்டு வாரமும் ஆகும். ஆகவே மருந்துத் திட்டத்தை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே ஒரு வாரத்துக்குப் போட்டுவைக்க வேண்டும்.

அழும்போது மட்டும் மருந்து கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வாய்வழி மருந்து வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் வலியில் குழந்தை தண்ணீரை மறுத்துவிடும். தண்ணீர் குடிக்காவிட்டால் தொண்டை காய்ந்து வலி கூடும், வலி கூடினால் மருந்தையும் துப்பும். இந்தச் சுழலில் சிக்கி, நீர் வற்றி, மறுபடி மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் உண்டு. முதல் சில நாட்கள் கடிகாரத்தைப் பார்த்து மருந்து கொடுத்தால் அந்தச் சுழல் ஆரம்பிக்காது.

இதற்குப் பயன்படும் இரண்டு மருந்துகள் பாரசிட்டமாலும் இபுப்ரோஃபெனும். இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். ஒன்றின் பலன் குறையும் நேரத்தில் மற்றொன்று கைகொடுக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நாள் உச்சவரம்பு இருக்கிறது. அளவை வயதைப் பார்த்து முடிவு செய்வதில்லை, எடையைப் பார்த்துத்தான்.

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, எடை 20 கிலோ. பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 300 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு நாலு வேளை, மொத்தம் 1200 மி.கி. இபுப்ரோஃபென் கிலோவுக்கு 10 மி.கி. என்றால் 200 மி.கி., நாளைக்கு மூன்று வேளை, மொத்தம் 600 மி.கி. இதைக் கடிகாரத்தில் வைத்துப் பார்த்தால், பாரசிட்டமால் காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12. இபுப்ரோஃபென் காலை 9, மதியம் 3, இரவு 9. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூன்று மணிக்கு ஒரு மருந்து கிடைக்கிறது. ஆனால் ஒரே மருந்து ஆறு மணி நேரத்துக்குள் இரண்டாம் முறை உள்ளே போகவில்லை. நள்ளிரவு வேளைக்குக் குழந்தையை எழுப்ப மனசு வராதுதான். முதல் நாலைந்து நாள் எழுப்பியே கொடுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த தொண்டையும் மருந்தில்லாத உடம்புமாக விடியும். இது 20 கிலோவுக்குப் போட்ட கணக்கு. உங்கள் குழந்தைக்கு மருத்துவர் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரும் அளவும் இடைவெளியும்தான் செல்லும்.

இனி பாட்டில். பாரசிட்டமால் சிரப் நம் கடைகளில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. என்றும், 250 மி.கி. என்றும் கிடைக்கிறது. அதே சிறுமிக்கு 250 பாட்டிலில் 6 மி.லி., 125 பாட்டிலில் 12 மி.லி. பாட்டில் தீர்ந்து அப்பா கடையில் வேறு அடர்த்தி வாங்கிவந்து, பழைய மி.லி. கணக்கையே தொடர்ந்தால் அளவு பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். ஆகவே காகிதத்தில் மி.கி.யையும் எழுதுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விடுங்கள்.

இன்னொரு கண்ணி, இரண்டு மருந்தும் ஒரே பாட்டிலில் கலந்து வரும் சிரப். அதைக் கொடுத்துவிட்டுத் தனிப் பாரசிட்டமாலும் கொடுத்தால் வரம்பு தாண்டும். பல சளி, காய்ச்சல் சிரப்புகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடும், ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. தெரிந்தோ தெரியாமலோ கூடுதலாகப் போயிருந்தால், குழந்தை நன்றாக விளையாடினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்த நேரத்தையும் மருந்தின் பெயரையும் எழுதி, கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா 9 மணிக்குக் கொடுத்ததைப் பாட்டி அறியாமல் 9.30க்கு மறுபடி கொடுப்பது கூட்டுக் குடும்பத்தில் சுலபமாக நடக்கும். தாளின் முதல் வரி மருத்துவமனையில் கொடுத்த கடைசி வேளை. ஆபரேஷன் தியேட்டரில் நரம்பு வழியாகப் பாரசிட்டமாலோ, ஆசனவாயில் டைக்ளோஃபெனாக் மாத்திரையோ வைத்திருப்பார்கள். டைக்ளோஃபெனாக் இபுப்ரோஃபெனின் இனத்தைச் சேர்ந்தது. "சிஸ்டர், கடைசியா என்ன மருந்து, எத்தனை மணிக்கு?" என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டாம்.

இபுப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டுமோ என்று தயங்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2019 வழிகாட்டி அதைப் பயன்படுத்தலாம் என்கிறது. உங்கள் அறுவை மருத்துவரின் சொல்லே முடிவு. சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாத நோய், இந்த வகை மருந்தால் கூடும் ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தைக்கு இபுப்ரோஃபெனை நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

வலி அடங்கவில்லை என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களின் மாத்திரையைத் தொடவே கூடாது. ஆஸ்பிரின் கூடாது. கோடீன் சில குழந்தைகளின் உடம்பில் வேகமாக மார்ஃபினாக மாறி மூச்சையே அடக்கிவிடும். டான்சிலுக்குப் பிறகு குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2013-லேயே எச்சரித்தது. 2017-ல் டிரமடாலையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது.

ஏடு உரியும் ஐந்திலிருந்து பத்தாம் நாள் வரை ரத்தக்கசிவுக்கும் வாய்ப்புண்டு. புதுச் சிவப்பு ரத்தம் துப்பினாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, தூக்கத்தில் அடிக்கடி மடக்கு மடக்கென்று விழுங்கினாலோ, அது சிறு அளவானாலும் உடனே மருத்துவமனைக்கு.

எல்லாம் ஒழுங்காகப் போனால் ஏழெட்டாம் நாளில் குழந்தை தானாக இட்லி கேட்கும். அப்போதும் எல்லா வேளையையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். முதலில் நள்ளிரவு வேளை, பிறகு பகல் வேளைகள் என்று ஒவ்வொன்றாகக் குறையுங்கள். இரவெல்லாம் வாய் திறந்து தூங்கி எழும்போதுதான் தொண்டை அதிகம் எரியும், எனவே காலை 6 மணி வேளையைக் கடைசியாக விடுங்கள்.